புறங்காலில் விழும் செருப்பின் அச்சு

கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தொடங்கி, புறங்காலின் மேல் இரண்டாகப் பிரிந்து, பாதத்தின் இரு ஓரங்களுக்கும் இறங்கும் கறுப்புப் பட்டை. தொட்டால் தடிப்பாக இருக்கும். ராத்திரியில் நமைச்சல் தூங்கவிடாது. இப்படி ஒரு காலைப் பார்த்ததும் தோல் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "தினமும் போடுற செருப்பு எங்கே? அதைக் கொஞ்சம் காட்டுங்க" என்பதுதான். வெளியே கழற்றிவிட்டு வந்த ஹவாய் செருப்பை எடுத்துவந்து காலோடு சேர்த்துப் பார்த்தால், வார் எங்கெல்லாம் தோலில் படுகிறதோ அங்கெல்லாம் கறுப்பு. வார் படாத இடம் சுத்தமாக இருக்கும்.

இது செருப்பு ஒவ்வாமை. மருத்துவத்தில் இதைத் தொடுகை ஒவ்வாமைக் கரப்பான் என்ற வகையில் சேர்க்கிறார்கள். உடம்பில் வரும் பெரும்பாலான அரிப்புகளுக்குக் காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இந்த நோய் மட்டும் காரணத்தைத் தோலின் மேலேயே வரைந்து காட்டுகிறது. ஆனாலும் பலர் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், படைக்கான களிம்பைத் தடவிக்கொண்டே அதே செருப்பைப் போட்டு நடக்கிறார்கள். காலைப் பார்க்கிறார்கள், செருப்பைப் பார்ப்பதில்லை.

மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் நாற்பது வயதைத் தாண்டிய பெண். காலை ஐந்து மணியிலிருந்து மதியம் வரை ஈரத்தரையில் நிற்கிறார். காலில் எப்போதும் ரப்பர் செருப்பு. முதலில் கட்டைவிரல் இடுக்குக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கொப்புளம், கொஞ்சம் சிவப்பு, அரிப்பு. சேற்றுப்புண் என்று நினைத்து மருந்துக்கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டார். நான்கைந்து நாளில் அடங்கியது. நிறுத்தியதும் திரும்ப வந்தது. இப்படியே ஏழெட்டு மாதம் ஓடிய பிறகு, புறங்காலில் வாரின் அகலத்துக்கே கறுத்து, தோல் தடித்து, கோடு கோடாக வெடிக்க ஆரம்பித்தது. மருத்துவர் செருப்புதான் காரணம் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. "பத்து வருஷமா இதே மாதிரி செருப்புதான் போடுறேன் டாக்டர். அப்பல்லாம் ஒண்ணும் வரலையே?"

நியாயமான கேள்வி. ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் இதைக் கேட்கிறார்கள். பதில் இந்த ஒவ்வாமை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. செருப்பிலிருந்து கசியும் சில வேதிப்பொருள்களின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அவை தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போய், அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தக் கூட்டை அந்நியன் என்று ஒருமுறை குறித்துக்கொண்டால், அதை அடையாளம் காணும் வெள்ளணுக்கள் உடம்பில் நிலைத்துவிடும். இந்த முதல் கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது. அது இரண்டு வாரத்திலும் முடியலாம், இருபது வருடமும் ஆகலாம். அது முடிந்த பிறகுதான், அதே பொருள் தோலில் படும் ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு நாளில் அரிப்பும் கொப்புளமும் வரும். ஆகவே, "பத்து வருஷமாப் போடுறேன்" என்பது செருப்பு குற்றவாளி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. ஈரத்தில் ஊறிய தோலின் மேலடுக்கு தளர்ந்துபோவதால், சமையலறையிலும் மீன் சந்தையிலும் சலவைத் துறையிலும் நிற்பவர்களுக்கு இந்தக் கதவு இன்னும் எளிதாகத் திறக்கிறது.

சரி, ரப்பர் மரத்தின் பாலில் என்ன நஞ்சு இருக்கிறது? இந்த நோயைப் பொறுத்தவரை, பால் குற்றவாளி இல்லை. மரத்திலிருந்து வரும் ரப்பர் வெயிலில் உருகி ஒட்டும், குளிரில் விறைத்து நொறுங்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகவும் வளைந்து கொடுப்பதாகவும் மாறும் என்பதை 1839-ல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். வெறும் கந்தகத்தை வைத்து வேக வைக்க நெடுநேரம் பிடிக்கும். அதைச் சீக்கிரம் முடிக்கப் பின்னாளில் வேக ஊக்கிகள் வந்தன. மெர்காப்டோபென்சோதயசோல், தையூராம், கார்பமேட் என்று அவற்றுக்குப் பெயர். ரப்பர் காற்றுப்பட்டு வெடிக்காமல் இருக்க வேறு சில பொருள்களையும் கலக்கிறார்கள். செருப்பு செய்து முடித்த பிறகும் இவற்றில் ஒரு பகுதி ரப்பருக்குள் தங்கிவிடுகிறது. வியர்வையும் வெப்பமும் உராய்வும் சேரும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. புதுச் செருப்பை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டாலோ சோப்புப் போட்டுத் தேய்த்தாலோ போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மேலே ஒட்டியிருப்பது போகும். உள்ளே இருப்பது நடக்க நடக்கக் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

அச்சைப் படிப்பது எப்படி என்று பார்க்கலாம். வார் மட்டும் ரப்பர், அடிப்பாகம் வேறு பொருள் என்றால் புறங்காலில் மட்டும் பட்டை விழும். அடிப்பாகமும் ரப்பர் என்றால் உள்ளங்காலும் பாதிக்கப்படும். அங்கே ஒரு முக்கியமான தடயம் கிடைக்கிறது. உடம்பின் எடை இறங்கும் இடங்களான குதிகால், விரல்களுக்குக் கீழுள்ள மேடு, விரல்களின் சதைப்பகுதி ஆகியவை தடித்துக் கறுத்து உரிந்திருக்கும். செருப்பில் அழுந்தாத உள்வளைவு மட்டும் பழைய நிறத்தில் பிழைத்திருக்கும். நனைந்த காலோடு சிமென்ட் தரையில் நடந்தால் விழும் தடத்தின் வடிவமும் இதுதான். மூடிய ஷூ என்றால் கதை வேறு. கட்டைவிரலின் மேல்பக்கத்தில் ஆரம்பித்து, மற்ற விரல்களின் மேல் பரவி, புறங்கால் வரை ஏறும். விரல் இடுக்குகளில் ஷூவின் தோல் படாது என்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும்.

இந்த விரல் இடுக்குதான் ஒவ்வாமையையும் பூஞ்சைத் தொற்றையும் பிரிக்கும் இடம். சேற்றுப்புண் என்று நாம் சொல்வது வழக்கமாக நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் வெள்ளையாக ஊறிப்போய்த் துர்நாற்றத்தோடு தொடங்கும். ஒரு காலில் அதிகமாகவும் மறு காலில் குறைவாகவும் இருக்கும். நகமும் சேர்ந்து மஞ்சளாகித் தடிக்கலாம். செருப்பு ஒவ்வாமை இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஹவாய் செருப்பின் குமிழ் உரசும் முதல் இடுக்கு பாதிக்கப்பட்டு, மற்ற மூன்று இடுக்குகளும் சுத்தமாக இருந்தால் சந்தேகம் செருப்பின் மேல்தான் போக வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கையும் தேவை. கரப்பான் வந்து வெடித்த தோலில் பூஞ்சையும் குடியேறலாம். அதனால் தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு, நுண்ணோக்கியில் பூஞ்சை இழை தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். சில நிமிடங்களில் முடியும் எளிய சோதனை அது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டியூப் இந்த இடத்தில்தான் ஆளைக் குழப்புகிறது. பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு, கிருமிக்கொல்லி மூன்றும் கலந்த களிம்புகள் நம் ஊரில் தாராளமாகப் புழங்குகின்றன. அதில் உள்ள ஸ்டீராய்டு ஒவ்வாமையின் அரிப்பை நான்கு நாளில் அடக்கிவிடும். "படை மருந்து கேட்டுச்சு, அப்ப இது படைதான்" என்று நோயாளி முடிவுக்கு வந்துவிடுகிறார். செருப்பு அப்படியே இருப்பதால் அரிப்பு திரும்புகிறது, டியூப் திரும்புகிறது. மாதக்கணக்கில் இது நடந்தால் ஸ்டீராய்டால் தோல் மெலிந்துபோகும். உண்மையிலேயே பூஞ்சை இருந்தால் அது மறைந்து வளரும். போதாக்குறைக்கு, இத்தகைய களிம்பு சிலவற்றில் இருக்கும் நியோமைசின் என்ற கிருமிக்கொல்லியே பலருக்கு ஒவ்வாமை தரக்கூடியது. அப்போது புண்ணின் எல்லை வாரைத் தாண்டி மங்கலாகப் பரவி, செருப்பு வரைந்த தெளிவான அச்சு அழிந்துவிடும். மஞ்சள், வேப்பிலை, மண்ணெண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பூசிய காலிலும் இதே சிக்கல்தான்.

மேற்சொன்ன சமையலறைப் பெண்ணுக்கு அச்சு இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. பூஞ்சைச் சோதனையில் ஒன்றும் இல்லை. அடுத்து பேட்ச் டெஸ்ட். ஊசி, ரத்தம் எதுவும் கிடையாது. சின்னச் சின்ன வட்டக் கிண்ணங்கள் வரிசையாக உள்ள ஒட்டுப்பட்டை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் சந்தேகப்படும் ஒரு வேதிப்பொருளை மிகக் குறைந்த அளவில், பெரும்பாலும் வாசலினில் கலந்து வைத்து, மேல்முதுகில் ஒட்டுவார்கள். திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை எடுப்பார்கள். எடுத்த உடனே தெரியும் சிவப்பில் பட்டை அழுத்திய தடமும் இருக்கும் என்பதால் கொஞ்ச நேரம் விட்டுப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை இன்னொருமுறை பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வை அவசியம். வெறும் எரிச்சலால் வந்த சிவப்பு அதற்குள் மங்கிவிடும். உண்மையான ஒவ்வாமை அந்த நாளில் இன்னும் உப்பி, சொரசொரப்பாகி, நன்றாக அரிக்கும். அந்த நாட்களில் முதுகை நனைக்கக் கூடாது, வியர்க்க வேலை செய்யக் கூடாது. வேறு நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது முடிவை மறைத்துவிடும்.

நோயாளியின் சொந்தச் செருப்பையும் சோதிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வாரின் உள்பக்கத்திலிருந்து மெல்லிய துண்டு ஒன்றைச் சீவி எடுத்து, தண்ணீரில் நனைத்து, அதையும் முதுகில் ஒட்டிவைப்பார்கள். செருப்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பெட்டியில் எந்த நிறுவனமும் அச்சிடுவதில்லை. ஆகவே சில சமயம் இந்தத் துண்டுதான் கடைசிச் சாட்சி. அந்தப் பெண்ணின் முதுகில் இரண்டு இடங்களில் தோல் உப்பியது. ஒன்று மெர்காப்டோபென்சோதயசோல் வைத்த இடம், இன்னொன்று அவருடைய வாரின் துண்டை வைத்த இடம்.

ரப்பர்தான் என்று தெரிந்ததும் பலர் நேராகத் தோல் செருப்புக்கு மாறுவார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது சரியாகிவிடும். ஆனால் தோல் செருப்புக்கும் தனியாக ஒரு வழக்கு உண்டு. அந்த வழக்கில் தமிழ்நாட்டுக்கு நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளில் பச்சைத் தோலைப் பதப்படுத்தப் பெரிதும் பயன்படுவது குரோமிய உப்பு. ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். தோல் நீலம் பாரித்து வெளிவருவதால் தொழிலில் அதை வெட் ப்ளூ என்பார்கள். அதில் சேரும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது, ஓரளவு சாதுவானது. ஆனால் பதப்படுத்தும் முறை பிசகினாலோ, தோலைச் சேமித்துவைக்கும் இடம் சரியில்லாமல் போனாலோ, அதில் ஒரு சிறு பங்கு ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாக மாறிவிடும். அது தோலுக்குள் எளிதில் புகும், ஒவ்வாமையைத் தூண்டும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதத்திலிருந்து, உடம்பில் படும் தோல் பொருள் ஒரு கிலோவில் இந்த ஆறு இணைதிறன் குரோமியம் 3 மில்லிகிராமை எட்டினாலே விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. ஒருமுறை ஒவ்வாமை உறுதியாகிவிட்டவருக்கு வியர்வையில் கரைந்துவரும் சாது வகையும் தொல்லை கொடுக்கலாம்.

குரோமியம் தரும் அச்சும் வாரின் வழியேதான் போகும். குறுக்கு வார் செருப்பு என்றால் குறுக்குப் பட்டை, குதிகாலைச் சுற்றும் வார் இருந்தால் கணுக்காலுக்குக் கீழே ஒரு வளையம். உள்ளே தோல் அட்டை வைத்த ஷூவாக இருந்தால் உள்ளங்காலிலும் வரும். கோடையில் கூடும், பனிக்காலத்தில் குறையும். சிமென்ட் வேலை பார்க்கும் கொத்தனாருக்குக் கையிலும் காலிலும் சேர்ந்து வந்தால் மருத்துவர் உடனே குரோமியத்தை நினைப்பார். சிமென்டிலும் அது உண்டு.

குரோமியம் ஆகாதவருக்கு மாற்று, பட்டையால் பதப்படுத்திய தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைக்கும் பழைய முறை ஈரோடு, திண்டுக்கல், திருச்சி வட்டாரத்தில் நெடுங்காலம் செழித்திருந்தது. கடையில் நின்று அதைக் கண்டுபிடிப்பது சிரமம். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். பட்டை போட்ட தோலின் நடுப்பகுதி பழுப்பாக இருக்கும், குரோமியம் போட்டது சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். ஆனால் உள்வரை சாயம் ஏற்றிய தோலில் இந்தக் கணக்கு தவறிப்போகும். விற்பவரும் சில சமயம் அறியாமல் ஏதாவது சொல்லிவிடுவார்.

இவை இரண்டைத் தவிர, அட்டைகளை ஒட்டும் பசையில் உள்ள பிசின்களும் ஒவ்வாமை தரும். பசை போடாமல் தைத்த செருப்பு அவர்களுக்கு ஒத்துப்போகும். பக்கிள் படும் இடத்தில் மட்டும் காசளவு வட்டமாக வந்தால் நிக்கலைச் சந்தேகிக்க வேண்டும். பல வருடம் செருப்பு உரசிக் காய்த்துப்போன கறுப்பும், சம்மணமிட்டு உட்கார்ந்து கணுக்காலில் வரும் கறுப்பும் ஒவ்வாமை இல்லை. அவற்றில் அரிப்பும் கொப்புளமும் இருக்காது. அந்த ஒரு வித்தியாசம் போதும்.

வார் படும் இடம் கறுக்காமல் வெளுத்துப்போவதும் உண்டு. 1939-ல் அமெரிக்கத் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ரப்பர் கையுறை அணிந்த தொழிலாளர்களின் கைகளில் வெள்ளைத் திட்டுகள் வந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ரப்பர் கெடாமல் இருக்கச் சேர்த்த மோனோபென்சைல் ஈதர் என்ற பொருள், நிறம் தரும் அணுக்களையே அழித்திருந்தது. ரப்பர் செருப்பாலும் அதேபோல் வார் வடிவில் தோல் வெளுப்பதைத் தோல் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். அரிப்பே இல்லாமலும் தொடங்கலாம், செருப்பு படாத இடத்துக்கும் பரவலாம். கறுப்பைவிட இதற்குச் சீக்கிரம் மருத்துவரிடம் போவது நல்லது.

சிகிச்சையில் பாதிக்கு மேல் செருப்பை மாற்றுவதுதான். ரப்பர் ஆகாதவர் வேறு நிறுவனத்தின் ரப்பர் செருப்பை வாங்கினால் பணம்தான் வீண், ஊக்கிகள் பெரும்பாலும் அதேதான். முழுக்க பிளாஸ்டிக் வார்ப்பில் செய்தது, பாலியூரித்தேன், ரப்பர் பசை இல்லாத தோல் என்று தேட வேண்டும். சமையலறைப் பெண் ஒரே வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் செருப்புக்கு மாறினார். நீர் கசிந்த நாட்களில் வெளிர் ரோஜா நிறத்துக்குக் கரைத்த பொட்டாசியம் பர்மாங்கனேட் நீரில் காலை வைத்தார். பிறகு மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பை இரண்டு வாரம் தடவி, சொன்னபடி குறைத்து நிறுத்தினார். கூடவே வெறும் வாசலினைத் தடவிவந்தார். மூன்றாம் வாரத்தில் அரிப்பு நின்றது.

இங்கேயும் சறுக்குபவர்கள் உண்டு. வேலைக்குப் புதுச் செருப்பு வாங்கியவர், குளியலறை வாசலில் கிடக்கும் பழைய ரப்பர் செருப்பை மறந்துவிடுவார். தினம் பத்து நிமிடம் அதைப் போட்டாலும் புண் ஆறாது. சாக்ஸ் போட்டால் தடுக்கலாம் என்பதும் நடக்காது, வியர்வை அதன் வழியே வேதிப்பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும். பழைய ஷூவோடு போட்ட சாக்ஸைத் துவைத்தாலும் ரப்பர் ஊக்கி முழுதாகப் போவதில்லை. ஷூவை மாற்றும்போது சாக்ஸையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்குப் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். செருப்பின் மெத்தை நுண்துளை ரப்பர்தான். அது ஒத்துக்கொள்ளவில்லை என்று கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தால், உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள்ளோ கல்லோ குத்துவது தெரியாமல் புண் வைத்துவிடும். அரிப்பு வந்தால் அதே மருத்துவமனையில் காட்டி, ரப்பர் இல்லாத வேறு மெத்தை வைத்துத் தைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். அதுவரை சொரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வெடிப்பு வழியே கிருமி ஏறினால் கால் வீங்கிக் காய்ச்சல் வரும்.

அரிப்பு போனாலும் கறுப்பு உடனே போகாது. நம் நிறத்துத் தோலில் அழற்சி அடங்கிய பிறகும் நிறமி தங்கிவிடும். மேலடுக்கில் தங்கிய பழுப்பு சில மாதங்களில் மங்கும். ஆழத்தில் இறங்கிய நீலம் கலந்த சாம்பல் நிறம் ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கலாம். அதைச் சீக்கிரம் போக்க வெள்ளையாக்கும் களிம்பு வாங்கிப் பூசுவது புதிதாக எரிச்சலைக் கிளப்பி, இன்னும் கறுக்கவைக்கும். அந்தப் பெண்ணின் புறங்காலில் தடிப்பு முழுதாக இறங்கிய பிறகும், ஆறு மாதம் கழித்துக் கட்டைவிரல் இடுக்கிலிருந்து பிரியும் இரண்டு கோடுகள் மங்கலாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தன. அரிப்பு திரும்பாதவரை அதற்கு மருந்து வேண்டாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.